வேறு வாரிசு யாரும் இல்லை

அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகியும் சிட்லபாக்கத்து வீடு அம்மா பேரில்தான் இருந்தது. மாற்ற வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டு வரி அம்மா பேரில் வந்தது, கட்டினோம். கரண்ட் பில் அம்மா பேரில் வந்தது, கட்டினோம். கூரியர்க்காரர் ஒருநாள் வாசலில் நின்று அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அப்பா "இதோ வரேன்" என்று எழுந்து போய் வாங்கிக்கொண்டார். வீடு அம்மா கட்டியது. எய்டட் ஸ்கூலில் டீச்சராக இருந்து, பி.எஃப். கடன் போட்டு, ஏரியில் தண்ணீர் ஏறினால் தெருவுக்குள் வந்துவிடும் என்று ஊரே பயமுறுத்திய காலத்தில் மனையை வாங்கி, தன் பேரிலேயே பத்திரம் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அதில் ஒரு பெருமை.

அந்த வீட்டின் மேல் கடன் கேட்டுப் போனபோதுதான் எங்கள் குடும்பத்தின் யோக்கியதை என்ன என்று எனக்குத் தெரிந்தது. பேங்க்காரர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் அவர்களைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நான் பாதி உண்மைதான் சொன்னவள் ஆவேன்.

கடன் தம்பிக்கு. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவன், வேலையை விட்டுவிட்டுப் படப்பையில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, இரண்டு பழைய மிஷினை வைத்து சின்னச் சின்ன பார்ட்ஸ் செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். ஆறு பேர் அவனை நம்பி வேலைக்கு வந்தார்கள். அவனுடைய பழைய கம்பெனியே ஒரு பெரிய ஆர்டர் தருகிறேன் என்றது. ஆனால் கம்ப்யூட்டரில் ஓடும் மிஷின் ஒன்று வேண்டும், ஜூன் மாதம் முடிவதற்குள் போட்டுக் காட்ட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். மிஷினுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டான், மனைவியின் நகையை வைத்து. மீதிக்கு வீடு. அப்பாவும் சரி என்றார், நானும் சரி என்றேன். நான் கல்யாணமாகி அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவள். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்தைந்து வருடமாக ஃபைல் பார்ப்பவள். பேப்பர் வேலை என்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் என் பக்கம்தான் திரும்புவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் உண்டு.

பேங்கில் லோன் பிரிவில் இருந்தவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பத்திரத்தைப் புரட்டினார்.

"இவங்க யாரு, ஓனர்?"

"எங்கம்மா சார்."

"அவங்கள கூட்டிட்டு வாங்க."

"இறந்துட்டாங்க சார்."

"அப்ப லோன் யாரு பேர்ல கேக்கறீங்க?"

தம்பி தன்னைக் காட்டினான். அவர் பத்திரத்தை மூடி எங்கள் பக்கம் தள்ளினார். இறந்தவர் அடமானம் வைக்க முடியாது, உயிரோடு இருக்கிற வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து வைக்க வேண்டும், யார் யார் வாரிசு என்று தாசில்தார் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். நியாயம்தான். அதை ஒரே தடவையில் சொல்லியிருந்தால் நான் அவருக்குக் கும்பிடு போட்டிருப்பேன். முதல் நாள் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் என்றார். அடுத்த முறை போனால் முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ். அதற்கடுத்த முறை, அம்மாவுக்கு மனையை விற்றவர் யாரிடம் வாங்கினார் என்று காட்டும் தாய்ப் பத்திரம். அப்புறம் பட்டா. பட்டா அம்மா பேரில் இருந்தது. அதை வாரிசுகள் பேருக்கு மாற்றுங்கள் என்றார். வரி ரசீதும் அப்படியே.

"சார், லிஸ்ட்டா ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்களேன். நானே எல்லாத்தையும் ஒரே கட்டா கொண்டாந்து வைக்கறேன்" என்றேன்.

"அப்படி லிஸ்ட் எல்லாம் குடுக்கறது இல்ல மேடம். லாயர் பாத்துட்டு என்ன கேக்கறாரோ அது."

எனக்கு உள்ளங்காலில் இருந்து ஏறியது. என் ஆபீஸில் எல்.கே.ஜி. அட்மிஷனுக்குக்கூட என்னென்ன வேண்டும் என்று சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். இவர்கள் ஐந்து தடவை நடக்கவிட்டுத் தவணை முறையில் சொல்கிறார்கள். தம்பி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, நீ சண்ட போட்டீன்னா லோன் போயிடும். வாயக் கட்டு."

கட்டினேன். வாரிசுச் சான்றிதழுக்கு நானே அப்பாவைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் கேட்டது: "இறந்தவங்களுக்கு வாரிசு எத்தன பேரு?"

அப்பா சட்டென்று சொன்னார், "வீட்டுக்காரர் நான். அப்புறம் ரெண்டு பிள்ளைங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள். அந்த நிமிடத்தில் அவள் முகம் எனக்கு ஞாபகத்துக்கு வரவே இல்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் அவள் வேறு கணக்கு.

அக்கா கன்னியாஸ்திரி. பதினெட்டு வயதில் மடத்துக்குப் போனாள். இப்போது திண்டுக்கல் பக்கம் அவர்கள் சபை நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ். சாகும்வரை சபையிலேயே இருப்பேன் என்று அவள் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த பூசையில் உறவுக்காரர்கள் எல்லோரும் வந்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மாலை போட்டு, "ஒரு பிள்ளையக் கடவுளுக்குக் குடுத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்களைப் போன்ற குடும்பங்களில் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நகை பிரிக்கும்போது சேர்ப்பதில்லை. ரேஷன் கார்டில் பேரை எடுத்துவிடுவோம். நாலு பேர் முன்னால் அப்பாவே அவளை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெண் ரேஷன் கார்டைப் பார்த்தது, அப்பா சொன்னதைப் பார்த்தது, அடித்தது. பிரின்ட் எடுத்து உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்தது. மேலே சொன்னவர்கள் தவிர வேறு வாரிசு யாரும் இல்லை என்று அதில் ஒரு வரி. கீழே நான் கையெழுத்துப் போட்டேன். இருபத்தைந்து வருடமாக, படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று பெற்றோர்களிடம் சொல்பவள் நான். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

கிராம நிர்வாக அலுவலர் ஒருநாள் கூப்பிட்டார். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் பார்த்தார். அம்மாவைப் பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடக் கேட்டார். அவர்கள் போய் முப்பது வருடம் ஆகிறது. இன்னொரு மகள் இருக்கிறாளா என்று மட்டும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எதிர்வீட்டு அக்காவே சொல்லியிருப்பார். ஒன்றரை மாதத்தில் தாசில்தார் கையெழுத்தோடு சான்றிதழ் வந்தது. கணவர், மகள், மகன். மூன்று பேர். அதை வைத்துப் பட்டாவையும் வரியையும் மாற்ற மனு கொடுத்தோம். மே மாதம் பிறந்துவிட்டது. தம்பி நாட்களை எண்ண ஆரம்பித்திருந்தான்.

பேங்கிலிருந்து ஒருவர் வீட்டை நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போக வந்தார். நல்ல மனிதர். மோர் கொடுத்தோம், குடித்தார். ஹாலில் அம்மாவின் போட்டோவுக்குப் பக்கத்தில் இன்னொரு போட்டோ மாட்டியிருந்தது. அம்மா ரிட்டயர் ஆன அன்று எடுத்தது. நடுவில் அம்மா, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தம்பி, பின்னால் வெள்ளை அங்கியோடு அக்கா.

"இந்த சிஸ்டர் யாரு சார்? இங்க பங்குக் கோயில்ல இருக்காங்களா?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "என் மூத்த பொண்ணு சார்! ஹெட்மிஸ்ட்ரஸ். ஆயிரத்தி இருநூறு பிள்ளைங்க அவங்க கைக்குள்ள."

அவர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, போகிறவருக்கு வாசல்வரை வந்து டாட்டா காட்டினார்.

நான்காம் நாள் பேங்க்கின் லாயர் மேற்குத் தாம்பரத்தில் தன் ஆபீஸுக்கு வரச் சொன்னார். ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் ஒரு ரூம். வயதானவர், குரலை உயர்த்தவே தெரியாதவர். அவர் குரலை உயர்த்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"மேடம், சர்டிபிகேட்ல பிள்ளைங்க ரெண்டு. பேங்க் ரிப்போர்ட்ல மூணு. எது சரி?"

"சார், அவங்க கன்னியாஸ்திரி."

"இருக்கட்டும். உங்கம்மாவுக்குப் பொறந்தவங்கதானே?"

"ஆமா சார். ஆனா சொத்து எதுவும் வேண்டாம்னு வார்த்தைப்பாடு குடுத்துட்டுப் போனவங்க."

"யாருகிட்ட குடுத்தாங்க?"

"கடவுள்கிட்ட."

"சரி. சப்-ரிஜிஸ்ட்ரார்கிட்ட குடுக்கலையே" என்றார். கேலி இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

பிறகு ஒரு பேப்பரை எடுத்து எழுதிக் காட்டினார். கிறிஸ்தவர்களுக்கு வாரிசுரிமைச் சட்டம் வேறு. மனைவி உயில் எழுதாமல் இறந்தால் கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமம். மடத்துக்குப் போன பிள்ளை, கல்யாணமான பிள்ளை என்று சட்டத்தில் பிரிவு கிடையாது. "உங்களுக்கு ஒன்பதுல ரெண்டு. தம்பிக்கு ஒன்பதுல ரெண்டு. சிஸ்டருக்கும் ஒன்பதுல ரெண்டு. அவங்க கையெழுத்து இல்லாம நான் ஒப்பினியன் குடுத்தா என் வக்கீல் சன்னது போயிடும். அதுக்கு முன்னாடி இந்தச் சர்டிபிகேட்டே தப்பு. வாரிச மறைச்சு வாங்கினது."

"மறைக்கல சார்" என்றேன். என் சத்தம் வெளியே காத்திருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். "எங்க வீட்ல போட்டோ மாட்டி வெச்சிருக்கோம். மறைக்கறவன் சுவத்துல மாட்டுவானா?"

"சுவத்துல இருக்காங்க மேடம். பேப்பர்ல இல்ல."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. தாலுகா ஆபீஸுக்கு ஓடினோம். கொடுத்த சான்றிதழில் ஒரு பேரைச் சேர்க்க அங்கே முடியாது, கோட்டாட்சியருக்கு மனு போடுங்கள், அவர் இதை ரத்து செய்ய உத்தரவு போட்டால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றார்கள். வெளியே டீக்கடையில் தலையில் கை வைத்து நின்றோம். பக்கத்தில் மனு எழுதிக்கொடுத்துப் பிழைக்கும் புரோக்கர் ஒருவன் எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா மேடம், இதுக்குப் போயி பேஜாராவுறீங்க? சாமியாரா பூட்டா செத்த கணக்குதான். சர்ச்சாண்ட ஒரு லெட்டரு வாங்கிகினு வாங்க, இந்தம்மாவுக்கும் வூட்டுக்கும் சம்மந்தம் இல்லன்னு. மீதிய நா பாத்துக்கறேன். ஆளுங்க கீறாங்க."

"யாருய்யா செத்த கணக்கு?" என்று நான் கத்தியதில் டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "எங்கக்கா ஆயிரத்தி இருநூறு பிள்ளைங்கள மேய்க்கறா. உன் வாயில சாவா? நாக்கு அழுகிப்போயிடும்!"

அவன் பயப்படவில்லை. டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னான்: "நா இன்னா சொல்லிட்டேன்? பேப்பர்ல இல்லன்னு நீங்கதான எழுதிக் குட்த்தீங்க?"

நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு மாதமாக பேங்க்காரரையும், வி.ஏ.ஓ.வையும், கம்ப்யூட்டர் பெண்ணையும் திட்டித் தீர்த்த வாய் அது. ஊர் பேர் தெரியாத ஒரு புரோக்கர் ஒரு டீயைக் குடித்துவிட்டு அதை அடைத்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் அக்காவுக்கு போன் செய்தேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"அக்கா, வீட்டு விஷயமா ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்கு?"

தம்பியின் மிஷின், பேங்க், வாரிசுச் சான்றிதழ், லாயர் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் பிள்ளைகள் விளையாடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப முதல்ல வாங்கினதுல என் பேரு இல்லையா?"

"இல்லக்கா."

"வேற வாரிசு யாரும் இல்லன்னு எழுதி வாங்குவாங்களே. எங்க ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நான் பாத்திருக்கேன். அதுல யாரு கையெழுத்து?"

"என்னுது."

"பெல் அடிக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மே மாத விடுமுறை, ஹாஸ்டல் பிள்ளைகள் மட்டும்தான் இருப்பார்கள். பெல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

மூன்று நாள் அவள் கூப்பிடவில்லை. நான்காம் நாள் கூரியர் வந்தது. ஆதார் நகல், அம்மா அப்பா பேர் போட்ட ஞானஸ்நானச் சான்றிதழ், பள்ளிக்கூட டி.சி. நகல், கோட்டாட்சியருக்கு அவளே தன் கையெழுத்தில் எழுதிய ஒரு கடிதம். நான் இன்னாருடைய மூத்த மகள், என் பேர் விடுபட்டிருக்கிறது, சேர்க்க வேண்டுகிறேன் என்று நாலு வரி. எங்களுக்கு என்று ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

கோட்டாட்சியர் ஆபீஸில் நாங்கள் மூன்று பேரும் போய் நின்றோம். ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். அறியாமையால் என்று எழுதிக் கொடுத்தோம். அப்பா மட்டும், "கடவுளுக்குக் குடுத்த பிள்ளைம்மா, அதனாலதான்" என்று அங்கே இருந்த கிளார்க் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குடுத்தது நீங்க சார். பொறந்தது மாறிடுமா?" என்றார். உத்தரவு வந்தது, புதிதாக விண்ணப்பித்தோம். இந்த முறை வி.ஏ.ஓ. எதிர்வீட்டு அக்காவையும் கேட்டார். நாலு பேர் கொண்ட சான்றிதழ் வருவதற்குள் ஜூன் பாதி ஓடிவிட்டது.

இனி அக்காவின் பங்கு இருக்கிறதே. பேங்க்கில் அவளையும் கடனுக்குப் பொறுப்பாளியாகச் சேர்க்க முடியாது, சபை விடாது. ஆகவே அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் செய்ய வேண்டும் என்றார் லாயர். அதற்கும் அவள் இஷ்டப்படி எழுத முடியாது, சபையின் மேலிடத்து மதரிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். மதர் சுற்றுப்பயணத்தில் இருந்தார். ஒரு வாரம் போனது. தம்பி வெடித்தான்.

"பெரியக்கா வேணும்னே இழுக்கறாங்க. அவங்களுக்கு எதுக்கு வீடு? மடத்துல சோறு போடறாங்க, பென்ஷன் வரும். என் தலையில மண்ணப் போட்டுட்டு ஜெபமால உருட்டட்டும்!"

"டேய், வாயக் கழுவு!" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு கோபம் எங்கே இருந்தது என்று. "அம்மா கடைசி பத்து நாளு படுக்கையில கெடந்தப்போ யாரு மூத்திரத் துணி மாத்தினது? நீ படப்பையில இருந்த. நான் ஆடிட் இருக்குதுன்னு ஆபீஸ்ல இருந்தேன். லீவு போட்டுட்டு வந்து கூடவே கெடந்தது அவதான். அப்ப அவ இந்த வீட்டுப் பொண்ணு. துணி துவைக்கும்போது பொண்ணு, பேப்பர்ல எழுதும்போது கடவுளோட பொண்ணா?"

தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்பா, அம்மாவின் போட்டோவுக்கு எதிரே உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரையும் நாலு கேட்கலாம் என்றிருந்தது. ஆனால் இ-சேவையில் அவர் சொன்னார், கையெழுத்துப் போட்டது நான்.

அனுமதிக் கடிதம் வந்ததும் அக்கா வந்தாள். காலை ரயிலில் தாம்பரத்தில் இறங்கி, நேராக சார்பதிவாளர் அலுவலகத்துக்கு. கையில் ஒரு துணிப்பை. அப்பாவைப் பார்த்து, "மாத்திர சாப்பிட்டீங்களா?" என்றாள். தம்பியின் தோளைத் தட்டினாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. டோக்கன் நம்பருக்காக மூன்று மணி நேரம் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இடையில் தம்பி கம்பெனிக்கு போன் பேசிக்கொண்டே இருந்தான். கடன் பிறகு வந்தது. அப்பாவும் நானும் தம்பியும் பத்திரத்தை பேங்க்கில் ஒப்படைத்ததாக அதே ஆபீஸில் இன்னொரு முறை கையெழுத்துப் போட்டோம். மிஷினும் படப்பைக்கு வந்து இறங்கியது. ஆனால் ஜூன் தாண்டிவிட்டதால் ஆர்டரில் பாதியை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆறு பேரில் இரண்டு பேரைத் தம்பி நிறுத்த வேண்டி வந்தது. என் ஒரு கையெழுத்தின் விலை அது. அதில் ஒருவர் தெருவில் பார்த்தால் இன்னும் எனக்கு வணக்கம் சொல்கிறார்.

அன்று பெஞ்சில் காத்திருந்தபோது, பத்திரம் எழுதுகிறவர் விடுதலைப் பத்திரத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தார். தன் தாயார் மூலம் தனக்குப் பாத்தியப்பட்ட ஒன்பதில் இரண்டு பங்கை என்ற இடத்தில் அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"வாரிசுச் சான்றிதழ் எங்க? புதுசு."

ஃபைலில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தாள், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி. இரண்டாவது வரிசையில் அவள் பேர் இருந்தது. பக்கத்தில், இறந்தவருக்கு உறவுமுறை என்ற கட்டத்தில், மகள் என்று போட்டிருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

"இதுல ஒரு ஜெராக்ஸ் எனக்கு வேணும்" என்றாள்.

"இப்பவா? டோக்கன் வந்துடும்க்கா. முதல்ல கையெழுத்து போட்டுடு, அப்புறம் எடுத்துத் தரேன்."

"எடுத்துட்டு வா. அப்புறம் போடறேன்."

தம்பி பல்லைக் கடித்தான். நான் வெயிலில் எதிர்ப்பக்கம் ஓடி, ஜெராக்ஸ் கடையில் கூட்டத்தில் இடித்துப் பிடித்து ஒன்று எடுத்துக்கொண்டு வந்தேன். வாங்கிக்கொண்டாள். இரண்டாக மடித்து, துணிப்பையில் இருந்த ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். பிறகு பத்திரத்தில் காட்டிய இடமெல்லாம் கையெழுத்துப் போட்டாள், விரலை வைத்தாள், கேமராவைப் பார்த்தாள். ஒன்பதில் இரண்டு போய்விட்டது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது எனக்குத் தாங்கவில்லை.

"அது உனக்கு எதுக்குக்கா? அதான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டியே."

அக்கா பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "வீட்டத்தானே எழுதிக் குடுத்தேன்" என்றாள். "அம்மாவ எழுதிக் குடுக்கச் சொல்லி யாரும் கேக்கலையே. நீ முன்னாடியே ஒரு தடவ எழுதிக் குடுத்துட்ட. அதான் ஒரு காப்பி கையில இருக்கட்டும்னு."